முகத்தை நேராகத் திருப்பினால் ஆளே மாறிப்போகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காரியத்துக்குப் படம் கேட்டு வருகிறவர்களிடம் நேராகப் பார்க்கும் படம் இருப்பது அபூர்வம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மண்டபத்தில் எடுத்த குரூப் படங்கள். எல்லோரும் மேடையைப் பார்த்தபடி இருப்பார்கள். நமக்கு வேண்டியவர் முகமும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருக்கும். "அண்ணே, நேரா பாக்குற மாதிரி பண்ணிக் குடுங்க, ஏஐல வருமாமே" என்பார்கள். வரும். ஆனால் வருவது அவர்கள் வீட்டு ஆள்தானா என்பதில்தான் சிக்கல்.

இங்கே பேசப்போவது சுமார் 15 முதல் 30 டிகிரி வரை திரும்பிய முகங்களைப் பற்றி மட்டும். இரண்டு கண்களும் தெரிய வேண்டும். தூரத்துக் கன்னத்தின் விளிம்பாவது தெரிய வேண்டும். ஒரு கண் மறைந்துவிட்ட படம் வந்தால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை. அதில் திருப்புவதற்கு எதுவும் இல்லை. பாதி முகத்தைப் புதிதாக வரைய வேண்டியதுதான்.

நான் பயன்படுத்துவது இரண்டு வகைக் கருவிகள். ஒன்று, ஏஐ மாடல்களை நம் கணினியிலேயே ஓட்ட உதவும் கம்ஃபியூஐ உள்ளே ஓடும் லைவ்போர்ட்ரெயிட். இருக்கிற படத்தையே இழுத்து வளைத்துத் திருப்பும் வகை இது. கம்ஃபியூஐ மேனேஜரில் `ComfyUI-AdvancedLivePortrait` என்று தேடினால் கிடைக்கும். அதில் உள்ள `Expression Editor` நோடுதான் நமக்கு வேண்டியது. இன்னொன்று, எழுத்தில் சொன்னால் படத்தை மாற்றித் தரும் எடிட் மாடல்கள்: ஃபிளக்ஸ் கான்டெக்ஸ்ட், குவென் இமேஜ் எடிட் போன்றவை. இவை இருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டு முழுப் படத்தையும் மறுபடி வரைகின்றன. கீழே வரும் கோளாறுகளில் பாதி, எந்த வேலைக்கு எந்த வகையை எடுத்தோம் என்பதில்தான் தொடங்குகிறது.

முதலில் இரண்டு அளவுகள்

எதையும் ஓட்டுவதற்கு முன் முகம் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது, எத்தனை பிக்சல் அகலம் என்று பாருங்கள். பைத்தானும் அதில் `insightface`, `onnxruntime`, `opencv-python` மூன்றும் இருந்தால் இது போதும்:

```python
import cv2
from insightface.app import FaceAnalysis
app = FaceAnalysis(name="buffalo_l", providers=["CPUExecutionProvider"])
app.prepare(ctx_id=-1, det_size=(640, 640))
f = app.get(cv2.imread("amma.jpg"))[0]
print(f.pose, f.bbox)
```

`pose` தரும் மூன்று எண்களில் நடுவில் இருப்பதுதான் பக்கவாட்டுத் திருப்பம். `bbox` தரும் நான்கு எண்களில் மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் முகத்தின் அகலம். குரூப் படத்தை அப்படியே கொடுக்காதீர்கள். வேண்டிய முகத்தை மட்டும், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் `[0]` என்பது பக்கத்தில் நிற்கும் மாமாவாக இருக்கலாம். இந்த மாடல் கோப்புகள் வணிகமல்லாத ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற உரிமத்தில் வருகின்றன என்பதையும் காசு வாங்கி வேலை செய்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். பழகிக்கொள்ள வீட்டில் ஓட்டிப் பாருங்கள். பழகிய பிறகு 10 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பிக்சல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது போனையே வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். காசிமேட்டிலிருந்து ஒரு பெண் அம்மா படத்தைக் கொண்டுவந்தார். உறவுக்காரர் வளைகாப்பில் எடுத்தது. வாட்ஸ்அப்பில் வந்த நகலில் அம்மாவின் முகம் 108 பிக்சல் அகலம். படம் எடுத்தவரின் போனிலிருந்து அசலை வாங்கியபோது அதே முகம் 270 பிக்சல். திருப்பம் 24 டிகிரி. கீழே பெரும்பாலும் இந்தப் படத்தையே வைத்துச் சொல்கிறேன்.

"எங்கம்மா இல்லண்ணே, எங்க சித்தி மாதிரி இருக்கு"

அந்தப் பெண் சொன்ன வார்த்தை இது. இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. படத்தில் தவறு என்று எதையும் காட்ட முடியாது. கண், மூக்கு, வாய் எல்லாம் இருக்கிறது. குடும்ப ஜாடையும் இருக்கிறது. ஆள் மட்டும் வேறு. எடிட் மாடலில் இப்படி எழுதி எடுத்த முடிவு அது:

```
Turn her head to face the camera directly. Keep the same person,
same age, same expression, same saree and background.
```

அதே ஆளாகவே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறோம். இருந்தும் ஏன் மாறியது? இது கருவியின் சோம்பேறித்தனம் இல்லை. படத்திலேயே ஒரு விஷயம் இல்லை.

ஒரு மூக்கு முகத்திலிருந்து 2 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலை 24 டிகிரி திரும்பும்போது மூக்கு நுனி சுமார் 8 மி.மீ. பக்கவாட்டில் தள்ளித் தெரியும். மூக்கு 2.5 செ.மீ. நீளம் என்றால் 10 மி.மீ. தள்ளும். இப்போது இன்னொரு மூக்கு: நீளம் 2 செ.மீ. தான், ஆனால் அது திரும்பிய பக்கமாக 2 மி.மீ. வளைந்திருக்கிறது. அதன் நுனியும் கிட்டத்தட்ட 10 மி.மீ. தள்ளித்தான் தெரியும். நேரான நீள மூக்கும் வளைந்த குட்டை மூக்கும் இந்த ஒரு படத்தில் ஒரே மாதிரி. நிழலும் துவாரத்தின் வடிவமும் கொஞ்சம் துப்பு கொடுக்கும். ஆனால் மண்டபத்து வீடியோ லைட்டில் அந்தத் துப்பும் வெளுத்துப் போயிருக்கும்.

மாடல் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது பழகிய முகங்களில் பெரும்பாலானவற்றின் மூக்கு நேர். அதனால் நேரான மூக்கைத் தேர்ந்தெடுக்கிறது. தூரத்துத் தாடைக்கும் இதே கதைதான். அந்தப் பக்கம் நாம் பார்ப்பது கன்னத்து எலும்பின் விளிம்பு. அதற்குப் பின்னால் தாடை எவ்வளவு அகலம், காது எப்படி ஒட்டியிருக்கிறது என்பது படத்தில் கிடையாது. தெரிகிற பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி வரைந்துவிடுகிறது. எந்த மனித முகமும் இடமும் வலமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு கண் கொஞ்சம் இறங்கியிருக்கும்; சிரித்தால் வாய் ஒரு பக்கம் கூடுதலாக ஏறும். அக்கா தங்கை இருவரையும் நாம் பிரித்து அறிவதில் இந்தக் கோணல்களுக்கும் பங்கு உண்டு. கோணல்களை எடுத்துவிட்டு முகத்தின் பொது அமைப்பை மட்டும் மிச்சம் வைத்தால், அம்மா சித்தி ஆவதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே ப்ராம்ப்டை எவ்வளவு நீட்டினாலும் இது தீராது. இல்லாத தகவலை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்கு நம் ஊரில் எல்லோர் வீட்டிலும் ஒரு நேர்முகப் படம் உண்டு: ஆதார் அட்டை, இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை. "அது நல்லாவே இருக்காதுண்ணே" என்பார்கள். நன்றாக இருக்க வேண்டியதில்லை. அதைப் படமாகப் பயன்படுத்தப் போவதில்லை, அளவுகோலாகத்தான். அட்டையில் உள்ள எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இப்படி. முதலில் எடிட் மாடலின் முடிவை ஓரம் வையுங்கள். அசலை லைவ்போர்ட்ரெயிட்டில் கொடுத்து `rotate_yaw` ஸ்லைடரை நேராகும் திசையில் கடைசி வரை, அதாவது 20 வரை நகர்த்துங்கள். எந்தப் பக்கம் ப்ளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், நகர்த்தினால் தெரியும். இது கொடுப்பதற்கான படம் இல்லை, சோதனைப் படம். 24-இல் 20 போக மிச்சம் 4 டிகிரிதான், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

இந்தச் சோதனைப் படத்தின் மேல் ஆதார் முகத்தை இன்னொரு லேயராக வைத்து, ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, இரண்டு கண்மணிகளும் சரியாகப் பொருந்தும்வரை பெரிதாக்கிச் சுழற்றுங்கள். கண்மணி பொருந்திய பிறகு மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரங்கள், தாடையின் இரு பக்க அகலம். காசிமேட்டு அம்மாவின் ஆதார் படத்தில் மூக்கு நுனி நடுக்கோட்டிலிருந்து அவருடைய இடப்பக்கமாக லேசாக விலகியிருந்தது. சோதனைப் படத்தில் அது கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. வித்தியாசம் 4 பிக்சல். 270 பிக்சல் முகத்தில் அது நிஜத்தில் 2 மி.மீ. அளவு. அந்த 2 மில்லிமீட்டர்தான் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. ஆதார் மையத்தில் கேமரா முகத்துக்கு மிக அருகில் இருக்கும். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதும் தாடையும் ஒடுங்கியும் தெரியும். அதனால் மூக்கின் பருமனையோ தாடையின் மொத்த அகலத்தையோ ஆதாரிலிருந்து எடுக்காதீர்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். அட்டைப் படத்திலேயே தலை கொஞ்சம் திரும்பியிருந்தால் அதுவும் உதவாது. காதுகள் இரண்டும் ஒரே அளவு தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொடுக்க வேண்டிய படம். இங்கேதான் பலரும் ஒத்துக்கொள்ளாத என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும்: முழுக்க நேராக்காதீர்கள். 24 டிகிரியில் 14 மட்டும் திருப்பி, 10 டிகிரியை அப்படியே விட்டேன். சுவரில் மாட்டிய படத்தில் 10 டிகிரி திருப்பத்தை யாரும் "திரும்பியிருக்கு" என்று சொல்வதில்லை. கண் நம்மைப் பார்த்தால் முகம் நேர் என்றுதான் மனது எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களும் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து லேசாகத் திருப்பிவிட்டுத்தான் எடுத்தார்கள். திருப்பம் குறையக் குறையக் கருவி கற்பனை செய்ய வேண்டிய பரப்பும் குறைகிறது. அந்த 14 டிகிரி படத்தில், சோதனையில் தெரிந்த அதே திசையில், மூக்கு நுனியை லிக்விஃபை கொண்டு 4 பிக்சல் நகர்த்தினேன். பிரஷ் அளவு மூக்கைவிடப் பெரிதாக இருக்கட்டும்; சின்ன பிரஷ்ஷில் நகர்த்தினால் நுனி மட்டும் கொக்கி மாதிரி வளையும்.

லைவ்போர்ட்ரெயிட் இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்றால், அது முகத்தின் அசைவை 21 புள்ளிகளாகப் பிடித்துக்கொண்டு அசல் முகத்தின் தோற்றத்தையே இழுக்கிறது. சின்னத் திருப்பத்துக்கு மச்சம், சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாம் கூடவே வரும். ஆனால் மறைந்திருந்த காதையோ முடியையோ அது உருவாக்கித் தராது. அந்த இடங்களை இழுத்து நீட்டிவிடும். அதற்குத்தான் ஓரம் வைத்த எடிட் மாடலின் முடிவு. அதிலிருந்து தூரத்துக் காது, கம்மல், காதோரத்து முடி ஆகியவற்றை மட்டும் மாஸ்க் போட்டு எடுத்து ஒட்டுங்கள். கண், மூக்கு, வாய் இருக்கும் முக்கோணத்துக்குள் அந்த லேயர் வரவே கூடாது.

கண் மட்டும் பக்கத்தில் யாரையோ பார்க்கிறது

குரூப் படங்களில் இது கட்டாயம் வரும். காரணம் எளிது. உடம்பும் தலையும் மேடையைப் பார்க்க, போட்டோகிராபர் "இங்க பாருங்க" என்றதும் கண் மட்டும் கேமராவுக்கு வந்திருக்கும். அதாவது கருவிழி கண்ணின் ஓரத்தில் இருக்கும். தலையை நேராகத் திருப்பினால் கருவிழி அதே ஓரத்திலேயே சேர்ந்து திரும்புகிறது. இப்போது அம்மா நம்மைத் தாண்டி வாசலைப் பார்க்கிறார்.

`Expression Editor`-இல் `pupil_x` என்ற ஸ்லைடர் இருக்கிறது. தலையைத் திருப்பிய பிறகு, கடைசியாக இதைத் தொடுங்கள். கருவிழி சரியாக நடுவுக்கு வந்ததா என்று வெள்ளைப் பகுதியை வைத்துப் பார்க்கலாம்; ஆனால் 10 டிகிரி திருப்பத்தை மிச்சம் வைத்திருந்தால் கருவிழியும் கொஞ்சம் ஓரமாக இருக்கத்தான் வேண்டும். சரியாக நடுவில் வைத்தால் மறுபடி வேறு எங்கோ பார்க்கும். படத்தைத் தள்ளி நின்று பார்த்து, கண் உங்களைப் பார்க்கிறதா என்பதை மட்டும் நம்புங்கள்.

இன்னொரு பார்வைக் கோளாறு: கண்ணில் விழுந்த வெளிச்சப் புள்ளி. கருவிழியை நகர்த்தும்போது அதுவும் நகரும், சில சமயம் ஒரு கண்ணில் மட்டும் மங்கிப்போகும். புள்ளி போன கண் உயிரில்லாமல் தெரியும். அசலைப் பார்த்து, அதே கடிகார முள் நிலையில், வெள்ளையாக இல்லாமல் லேசான சாம்பலில் ஒரு புள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

மூக்குத்தி இரண்டு பக்கமும் வந்துவிட்டது, அல்லது காணாமல் போய்விட்டது

தெரியாத பக்கத்தைத் தெரிந்த பக்கத்தைப் பார்த்து வரைவதன் விளைவுதான் இதுவும். மூக்குத்தி, மச்சம், வகிட்டின் திசை ஆகிய மூன்றும் இதில் அடிபடும். விபூதிப் பட்டை வளைந்திருந்ததை நேராக்கிவிடும். குங்குமத்தை மூக்கின் நேர்மேலே நகர்த்திவிடும். பொட்டு எப்போதும் நட்ட நடுவில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதை வைத்து நடுக்கோடு போடாதீர்கள். அவசரத்தில் கண்ணாடி பார்க்காமல் வைத்த பொட்டும் உண்டு.

இதைச் சரிசெய்ய யோசிக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டும். எந்தப் பக்கம் மூக்குத்தி, ஒன்றா இரண்டா, மச்சம் எங்கே என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சரிபார்க்கக் கொடுக்கிற படம் செல்ஃபி என்றால் ஜாக்கிரதை. சில போன்கள் முன் கேமரா படத்தை இடவலம் மாற்றியே சேமிக்கும். பின்னால் ஒரு கடைப் பலகையோ காலண்டரோ இருந்தால் எழுத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் புடவை முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்று பாருங்கள்.

முகம் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருக்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, முகம் சின்னதாக இருந்தது. எடிட் மாடல்கள் படத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. முதலில் சுருக்கி, துண்டு துண்டாக எடுத்துக்கொள்கின்றன. ஃபிளக்ஸிலும் குவெனிலும் ஒரு துண்டு என்பது 16 பிக்சலுக்கு 16 பிக்சல். 108 பிக்சல் முகத்துக்கு அகலவாக்கில் ஏழு துண்டுகூட முழுதாக வராது. ஒரு கண்ணுக்கு ஒன்றரைத் துண்டு. அந்த ஒன்றரைத் துண்டில் இமையின் மடிப்பை எங்கே வைத்துக்கொள்ளும்? தனக்குத் தெரிந்த ஒரு கண்ணை வரைந்துவிடுகிறது. அதனால்தான் குரூப் படத்தை முழுதாகக் கொடுக்கக் கூடாது. தலையும் தோளும் மட்டும் வருகிற மாதிரி வெட்டி, நீளப் பக்கம் 1024 பிக்சல் இருக்கும்படி பெரிதாக்கிக் கொடுங்கள். பெரிதாக்குவதால் புது விவரம் வராது. ஆனால் இருக்கிற விவரம் அதிகத் துண்டுகளில் பரவி உட்காரும்.

இரண்டாவது காரணம், நாமே செய்வது. மங்கலாக இருக்கிறதே என்று, முகத்தைத் தெளிவாக்கும் கருவிகளான கோட்ஃபார்மரையோ ஜிஎஃப்பிகானையோ முழு வேகத்தில் ஓட்டுவோம். இரண்டும் பழகியது எஃப்எஃப்எச்க்யூ என்ற தொகுப்பில்: பிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள். மங்கலான இடத்தில் அந்த முகங்களிலிருந்து கற்ற கண்ணையும் உதட்டையும் பொருத்தித் தெளிவாக்குகின்றன. படம் பளிச்சென்று ஆகும், ஆள் இன்னும் ஒரு படி விலகுவார். கோட்ஃபார்மரில் `w` என்ற அளவு உண்டு. 0 பக்கம் போனால் அழகு கூடும், 1 பக்கம் போனால் அசலுக்கு விசுவாசம் கூடும். இந்த வேலைக்கு 0.8-க்குக் கீழே நான் போவதில்லை. அதையும் தனி லேயராக வைத்து, பாதி ஒபாசிட்டியில், கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் விடுவேன். கன்னத்தையும் நெற்றியையும் மங்கலாகவே விட்டுவிட்டு மேலே லேசாக கிரெய்ன் தூவினால் போதும். பேனரில் பெரிதாகப் போட்டாலும் அது தெரு அகலத்திலிருந்து பார்க்கிற படம்.

லைவ்போர்ட்ரெயிட்டின் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். அது முகத்தை 512 பிக்சல் சதுரமாகத்தான் திருப்பித் தரும். அசலில் முகம் 900 பிக்சல் இருந்தால் முடிவு அசலைவிட மங்கலாகத்தான் வரும். அப்போது கழுத்து, புடவை எல்லாம் கூர்மையாகவும் முகம் மட்டும் மெழுகாகவும் தெரியும். முகத்தைக் கூர்மையாக்கப் போராடுவதைவிட, மொத்தப் படத்தையும் முகத்தின் தெளிவுக்கு இறக்குவதுதான் எளிது.

நிறம் வெளுத்துவிட்டது

எடிட் மாடல் முடிவுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வெயிலில் உழைத்த மாநிறம் ஒரு சுற்று வெளுத்து, வயதிலும் ஐந்தாறு வருடம் குறைந்து வரும். சிலர் "நல்லாதானே இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள், அதனாலேயே இது தப்பித்துக்கொள்கிறது. ஆனால் ஆள் மாறிப்போன உணர்வில் இதற்கும் பங்கு உண்டு. அசலின் நெற்றி, கன்னம், கழுத்து ஆகிய மூன்று இடங்களில் ஐட்ராப்பரில் நிறம் எடுத்து, முடிவில் அதே இடங்களில் ஒப்பிடுங்கள். கழுத்தும் முகமும் வேறு வேறு நிறமாக இருந்தால் முகத்தை மாற்றுங்கள், கழுத்தை அல்ல.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடிட் மாடலுக்குள் விடாதீர்கள். திருப்பிய படத்தை எடுத்து, அதில் புடவை நிறம் மாற்றச் சொல்லி, அதன் முடிவில் பின்னணி மாற்றச் சொன்னால், ஒவ்வொரு சுற்றிலும் முகம் புதிதாக வரையப்படுகிறது. மூன்றாவது சுற்றில் சித்தியும் போய் ஒன்றுவிட்ட உறவு ஆகிவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் அசலிலிருந்தே தொடங்கி, லேயரில் சேருங்கள்.

சாஃப்ட்வேர் ஒரே ஆள் என்கிறது, வீட்டுக்காரர்கள் இல்லை என்கிறார்கள்

முகம் ஒப்பிடும் மாடலில் இரண்டு படங்களையும் கொடுத்து ஒற்றுமை எண் எடுத்துப் பார்க்கும் தம்பிகள் இருக்கிறார்கள். எண் நன்றாக வரும். அந்த மாடல்களைப் பழக்கியதே, ஒருவர் எப்படித் திரும்பினாலும், எந்த வெளிச்சத்தில் நின்றாலும், தாடி விட்டாலும் அதே ஆள் என்று சொல்லத்தான். நமக்குப் பிரச்சினையாக இருக்கும் 2 மில்லிமீட்டர் கோணல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எண் மிகக் குறைவாக வந்தால் படம் நிச்சயம் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக வந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது.

வீட்டுக்காரர்களிடம் காட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் துக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா இருக்கு" என்பார்கள். 10 டிகிரி மிச்சம் வைத்த படம், 4 டிகிரி மிச்சம் வைத்த படம், எடிட் மாடலின் நேர்ப் படம் மூன்றையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டு, எது எது என்று சொல்லாமல் மேஜையில் வைத்து, "இதுல எது அம்மா?" என்று கேளுங்கள். காசிமேட்டுப் பெண்ணோடு அவர் தம்பியும் வந்திருந்தார். இருவரும் தனித்தனியாக 10 டிகிரி படத்தைத்தான் எடுத்தார்கள். எடிட் மாடலின் படத்தைத் தம்பி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யாரு? நம்ம சித்தியா?" என்றார். அக்கா முன்பு சொன்னது அவருக்குத் தெரியாது.

தலை நேர், தோள் கோணல்

தலையை மட்டும் திருப்பியதால் கழுத்துச் சதை முறுக்கியபடி நிற்கும். தங்கச் சங்கிலி ஒரு பக்கம் சரிந்திருக்கும். 14 டிகிரிக்கு இது இயல்பாகவே தெரியும். மனிதர்கள் தலையை அப்படித் திருப்புகிறவர்கள்தான். 20-ஐத் தாண்டினால்தான் உறுத்தும். தாடைக்குக் கீழே நிழலைக் கொஞ்சம் கூட்டி, படத்தை மார்புக்கு மேலேயே வெட்டிவிடுங்கள். தோள் சட்டத்துக்குள் வராவிட்டால் கோணலும் வராது.

இப்படிச் செய்த படத்தைச் சுவருக்கும் பேனருக்கும் மட்டும் கொடுங்கள். வாரிசுச் சான்று, பென்ஷன், வங்கி என்று ஏதாவது விண்ணப்பத்தில் ஒட்டக் கேட்டால், திருப்பாத அசல் படத்தை வெட்டிக் கொடுத்துவிடுங்கள். ஃபோல்டரில் அசலின் பெயரையும் திருப்பியதன் பெயரையும் தெளிவாக வேறு வேறாக வையுங்கள். வருஷத் திதிக்கு மறுபடி கேட்டு வருவார்கள், அப்போது அசலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.